பத்து மார்க் கணக்கில் ஒரு t

விடைத்தாள் திருத்துவதில் நான் வேகம். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வு முடிந்து திருத்தும் முகாம் போட்டால், காலையில் தருகிற விடைத்தாள் கட்டை முதலில் முடித்துக் கொடுப்பது நானாகத்தான் இருக்கும். மற்றவர்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேப்பரை எடுப்பதற்குள் நான் மதியக் கட்டையும் பிரித்துவிடுவேன். மணலூர்பேட்டைக்குப் போகிற பஸ்ஸை நாலு மணிக்குப் பிடித்துவிட்டால் வெளிச்சத்திலேயே வீடு. அதை விட்டால் திருக்கோவிலூரில் இறங்கி வேறு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். பஸ்ஸுக்காக வேகமானேனா, இயல்பிலேயே வேகமா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வேகத்துக்கு ஒரு வழி உண்டு. கணக்குப் பேப்பர் திருத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். முதலில் கடைசி வரியைப் பார்ப்பது. முகாமில் கையில் கொடுக்கிற விடைக்குறிப்பை நாங்கள் கீ என்போம். கடைசி வரி கீயோடு ஒத்துப்போனால் மேலே ஒரு பார்வை, முழு மார்க். ஒத்துப்போகாவிட்டால் கீயில் உள்ள படிகள் எது எது இருக்கிறது என்று தேடி, இருக்கிற படிக்கு ஒன்று, இரண்டு. எதுவுமே இல்லையென்றால் சைபர். இருபது வருஷமாக இப்படித்தான். கல்லூரியில் என் திறமைக்கு இதையும் ஒரு சாட்சியாகச் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரியின் கணிதத் துறை அறை மாடியில் இருக்கிறது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தவள். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். எல்லாப் பேப்பரும் முடித்து, தொகை நுண்கணிதம் ஒன்றை மட்டும் அரியராக வைத்துக்கொண்டு போனாள். அப்புறம் கல்யாணம், குழந்தை. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

"வா, இன்னா விஷயம்?" என்றேன்.

"மேடம், விடைத்தாள் நகல் வந்துக்கிது. மறுமதிப்பீட்டுக்குப் போடணும். பாடம் எடுக்கற ஒருத்தர் பாத்துட்டு, திருத்தனதுல தப்புக்கிதுன்னு எழுதி கையெழுத்து போடணுமாம். இன்னிக்குத்தான் கடைசி நாளுங்க."

அவள் எழுதிய தேர்வு பழைய பாடத்திட்டத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி வாய்ப்பு. அதற்கப்புறம் அந்தப் பேப்பரே கிடையாது. தேறாவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் போனதுதான், பட்டம் கிடையாது. தேறிவிட்டால் இந்த வருஷமே பி.எட். சேரலாம், சேருவதற்கு இடமும் பார்த்து வைத்திருந்தாள். அவள் வாங்கியிருந்தது இருபத்தேழு, தேறுவதற்கு முப்பது வேண்டும். விண்ணப்பத்தை வாங்குகிற கல்லூரி அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும். அப்போது மணி இரண்டே கால்.

"மூணு மார்க் எங்க இருந்து வரும்னு நெனைக்கிற?" என்று கேட்டேன். இப்படி வருகிறவர்களை எனக்குத் தெரியும். பேப்பரை இரண்டு பக்கம் புரட்டினால் போதும், ஒன்றும் தேறாது. அழுகையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவள் அழுகிற மாதிரி தெரியவில்லை. நகலில் ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தாள். "பத்து மார்க் கணக்கு மேடம். சுத்தமா இல்லன்னு போட்டுக்கிறாங்க."

கேள்வி எனக்கு மனப்பாடம். √((1+x)/(1−x)) என்பதைத் தொகையிடு. வருஷா வருஷம் ஏதாவது ஒரு கல்லூரியில் வருகிற கேள்வி. அதற்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லித்தரும் வழி சுருக்கமானது. மேலேயும் கீழேயும் √(1+x)-ஆல் பெருக்கு. தொகுதியில் வர்க்கமூலம் போய் 1+x மட்டும் நிற்கும், பகுதியில் √(1−x²) வரும். இரண்டாகப் பிரித்தால் ஒன்று சைன் இன்வர்ஸ் x, இன்னொன்று மைனஸ் √(1−x²). கடைசியில் C. நாலு வரியில் வேலை முடிந்தது.

அவள் தாளின் கடைசி வரியைப் பார்த்தேன். 2 டேன் இன்வர்ஸ் √((1+x)/(1−x)), மைனஸ் √(1−x²), பிளஸ் C. அதன் மேல் பெரிய கோடு ஒன்று குறுக்கே ஓடியது. நகல் எடுத்தபோது தாளின் ஓரம் வெட்டுப்பட்டு, பக்கத்தில் இருந்த மார்க் தெரியவில்லை.

"இதுல டேன் இன்வர்ஸ் எங்கம்மா வந்துது? சைன் இன்வர்ஸ்தான வரணும்? கீயிலயும் அதான் இருந்துது. இதுக்கு நான் எப்படி கையெழுத்து போடறது?" என்று தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் தாளைத் தொடவில்லை. "மேடம், x-க்கு சைபர் போட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"போட்டுப் பாருங்க மேடம். ரெண்டுலயும்."

நான் கோபக்காரி. ஆனால் கணக்குப் போட்டுப் பார் என்று யாராவது சொன்னால் போட்டுப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. x-க்கு சைபர் போட்டேன். அவள் விடையில் வர்க்கமூலம் ஒன்றாகிறது. டேன் இன்வர்ஸ் ஒன்று நாற்பத்தைந்து டிகிரி, இரண்டு மடங்கு தொண்ணூறு. கீயில் சைன் இன்வர்ஸ் சைபர், அது சைபர். மைனஸ் √(1−x²) இரண்டிலும் பொதுவாக இருக்கிறது, அதை விட்டுவிடலாம். ஒன்று தொண்ணூறு, ஒன்று சைபர்.

"பாத்தியா, வேற வேற" என்றேன்.

"இப்ப அரை போடுங்க."

x அரையானால் 1+x ஒன்றரை, 1−x அரை. வகுத்தால் மூன்று, வர்க்கமூலம் √3. டேன் இன்வர்ஸ் √3 அறுபது, இரண்டு மடங்கு நூற்றிருபது. கீயில் சைன் இன்வர்ஸ் அரை, முப்பது. நூற்றிருபதுக்கும் முப்பதுக்கும் வித்தியாசம் தொண்ணூறு.

மைனஸ் ஒன்று போடச் சொல்லி அவள் கேட்கவில்லை, நானே போட்டேன். ஒன்று சைபர், ஒன்று மைனஸ் தொண்ணூறு. அங்கேயும் தொண்ணூறுதான். எங்கே போட்டாலும் அதே தொண்ணூறு, அதாவது பை என்கிற π-யில் பாதி. இரண்டு விடைகளும் ஒரு மாறிலி அளவுக்குத்தான் தள்ளி நிற்கின்றன. அந்த மாறிலிக்காகத்தானே கடைசியில் C என்று ஒன்றை எழுதுகிறோம். இவளுடைய C-க்கும் கீயின் C-க்கும் பையில் பாதி வித்தியாசம், அவ்வளவுதான்.

ஆனாலும் மூன்று இடத்தில் பொருந்தியதை வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன். மேலே போனேன். முதல் வரியிலிருந்து படித்தேன். முதல் வரியில் வர்க்கமூலம் முழுவதையும் t என்று வைத்திருந்தாள். அப்படியானால் t² என்பது (1+x)/(1−x). அதைத் திருப்பினால் x என்பது (t²−1)/(t²+1). வர்க்கமூலம் எங்கேயும் இல்லை. வகையிட்டால் dx என்பது 4t/(t²+1)² dt. எல்லாவற்றையும் போட்டால் 4t²/(t²+1)² என்பதைத் தொகையிட வேண்டும். மேலே இருக்கிற t²-ஐ t²+1 கழித்தல் 1 என்று எழுதி இரண்டாகப் பிரித்திருந்தாள். தொகையிட்டால் 2 டேன் இன்வர்ஸ் t, மைனஸ் 2t/(t²+1). இரண்டாவது உறுப்பில் t-ஐ மறுபடி x-ஆக மாற்றினால் √(1−x²) என்று அழகாக வந்து விழுகிறது. ஒரு வரிகூடத் தாண்டவில்லை. ஒன்றரைப் பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

"ஏன் இவ்ளோ தூரம் சுத்துன? பெருக்குனா நாலு வரிதான?"

"அது இந்தக் கணக்குக்கு மட்டும்தாங்க வரும். முன்னாடி ஒரு x வகுத்துக்கினு நின்னா, இல்ல வர்க்கமூலத்துக்குப் பதிலா கனமூலம் வந்தா, பெருக்கி இன்னா பண்றது? இது எல்லாத்துக்கும் வரும். எனக்கு ஒரே ஒரு வழிதான் முழுசா நம்பிக்கையா தெரியும். வேற எதுவும் வேணாம்னு இதையே வெச்சுக்கினேன். கொழந்த தூங்கறப்ப படிச்சது மேடம். ரெண்டு வழி படிக்க நேரமில்ல."

அவள் சொன்னது அப்படியே உண்மை. x-இன் ஒருபடிக் கோவை ஒன்றை இன்னொன்றால் வகுத்து, அதன் மூலத்தை எடுத்து, அந்த மூலத்தையும் x-ஐயும் கூட்டிப் பெருக்கி வகுத்து எப்படிக் கலந்து கொடுத்தாலும் சரி, அந்த மூலத்தை முழுதாக t என்று வைத்தால் எல்லாம் வெறும் பின்னமாகிவிடும். பின்னமானால் எப்பேர்ப்பட்டதையும் தொகையிடலாம். வர்க்கமூலத்தை உடைக்கப் பார்க்காமல் முழுசாகத் தூக்கி வைக்கிற வழி அது. என் வகுப்பில் நானே ஒரு மணி நேரம் நடத்தியிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை.

"எந்த மடையன் இத திருத்தனான்?" என்று கத்தினேன். "முதல் வரியிலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு தப்பு இல்ல. கீயில இல்லன்னா தப்பாயிடுமா? கீய எழுதனவனுக்குத் தெரிஞ்சது ஒரு வழி. கண்ண மூடிக்கினு கோடு இழுக்கறதுக்கு இவனுங்களுக்கு எதுக்கு எம்.ஃபில்., எதுக்கு பிஎச்.டி.? டீ குடிக்கத்தான் முகாமுக்கு வராங்களா?"

எதிர் மேஜையில் இருந்த துறைத்தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அமைதியான மனிதர். "இன்னா மேடம், கீழ ஆபீஸ் வரைக்கும் கேக்குது" என்றார்.

"கேக்கட்டும் சார். ஒரு பொண்ணோட மூணு வருஷப் படிப்ப ஒரே கோட்டுல முடிச்சுட்டான்."

பேனாவை எடுத்தேன். அவள் கொண்டுவந்திருந்த விண்ணப்பத்தில் கருத்துக்கு என்று விட்டிருந்த இடத்தில் எழுதினேன். 'விடை முற்றிலும் சரியானது. விடைக்குறிப்பிலிருந்து மாறிலி அளவில் மட்டுமே வேறுபடுகிறது. மதிப்பீட்டாளர் படிகளைப் படிக்காமலேயே மதிப்பெண் மறுத்துள்ளார். இது மன்னிக்க முடியாத அலட்சியம்.' கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். எழுதும்போது நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த கட்டத்தில் எந்தக் கேள்விக்கு எவ்வளவு மார்க் போட்டிருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தது. அதற்கு விடைத்தாளின் முதல் பக்கம் வேண்டும். நகலைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தேன். மார்க் அட்டவணை முழுதாக விழுந்திருந்தது. அந்தக் கேள்விக்கு நேரே ஒரு சைபர். சைபருக்கு நடுவே மேலிருந்து கீழே ஒரு சாய்ந்த கோடு.

நான் சைபரை அப்படித்தான் போடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு மாணவன் என் சைபரை ஆறாக்கி வீட்டில் காட்டினான் என்று தெரிந்த நாளிலிருந்து, நடுவில் ஒரு கோடு இழுத்துவிடுவது. எங்கள் துறையில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. மற்ற எண்களையும் பார்த்தேன். ஏழின் வால், நாலின் திறந்த வாய், எல்லாம் என்னுடையவை.

முகாமுக்கு வரும் கட்டுகளில் பதிவெண் இருக்காது, வேறொரு எண்ணைப் போட்டு மறைத்திருப்பார்கள். பல கல்லூரித் தாள்கள் கலந்து வரும். இந்தத் தாள் என் கையில் வந்திருக்கிறது. எவ்வளவு யோசித்தும் அதைத் திருத்தியது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. காலைக் கட்டா, மதியக் கட்டா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மன்னிக்க முடியாதது என்று என் கையால் எழுதியிருந்த மசி இன்னும் காயவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றும் தோன்றியது. அவள் தேறிவிடுவாள், எனக்கும் ஒன்றும் ஆகாது. யார் திருத்தியது என்பது பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் தெரியும், அவர்கள் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"இந்த சைபர் நான் போட்டது" என்றேன்.

துறைத்தலைவர் படித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார். அவள் என்னையே பார்த்தாள்.

"தெரியும் மேடம்" என்றாள்.

"தெரியுமா?"

"மூணு வருஷம் உங்ககிட்ட இந்த சைபர் வாங்கிக்கிறேன். நகல் வந்ததுமே தெரிஞ்சுக்கினேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்த? சார்கிட்ட போயிருக்கலாம்ல? நான் திட்டனப்ப ஏன் வாய தொறக்கல?"

"நீங்க திட்டனது கணக்கு சரின்னு சொல்லித்தான மேடம்" என்றாள். "வேற யார்கிட்ட போனாலும் யாரு திருத்தனதுன்னு பாப்பாங்க. உங்களப் பத்தி எதுக்கு எழுதணும்னு பயந்துக்குவாங்க. நீங்க கணக்க மட்டும்தான் பாப்பீங்கன்னு வந்தேன்."

நான் கணக்கைப் பார்க்காததால்தான் அவள் அங்கே நின்றாள். அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள், அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. நான் திருத்திய தாளுக்கு நானே பரிந்துரை எழுதுவது முறையில்லை. துறைத்தலைவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் தயங்கினார். "மேடம், உங்களுக்கு மெமோ வரும். முகாம்லேர்ந்து எடுத்தாலும் எடுத்துருவாங்க" என்றார்.

"எடுக்கட்டும் சார். நீங்க x-க்கு அரை போட்டுப் பாருங்க."

அவரும் போட்டுப் பார்த்தார். தொண்ணூறு வந்தது. புதிய விண்ணப்பம் ஒன்றை எடுத்து அவர் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் தனியாக ஒரு கடிதம் எழுதி அதோடு பின் அடித்தேன். 'இந்தத் தாளைத் திருத்தியது நான். படிகளைப் படிக்காமல் கடைசி வரியைப் பார்த்து சைபர் போட்டுவிட்டேன். விடை சரி.' மூன்றரைக்கு அவள் இரண்டு இரண்டு படியாக மாடியிறங்கி ஓடினாள். நாலு மணிக்கு என் பஸ் போய்விட்டது, நான் எழுந்திருக்கவில்லை.

மெமோ வந்தது. பதில் எழுதினேன். கடிதத்தில் எழுதியதையேதான் மறுபடி எழுதினேன், ஒரு சமாதானமும் சேர்க்கவில்லை. அடுத்த முகாமுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், கூப்பிட்டார்கள். கணக்குக்கு ஆள் குறைவு. போன முதல் நாளே, கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் எழுந்து நின்றேன். தொகையிடல் கணக்கு எதுவானாலும் கீயில் இல்லாத விடை வந்தால் அதை வகையிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும் என்றேன். தலைமைத் தேர்வாளர், நேரம் ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன். போர்டில் இரண்டு விடையையும் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் பையில் பாதி வருவதைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இப்போது காலைக் கட்டை நான் முதலில் முடிப்பதில்லை.

இதற்கு நடுவில் அவள் போன் செய்தாள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"மேடம், பத்துக்குப் பத்து. பாஸ்! பி.எட். சீட்டும் வாங்கிட்டேன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். வராண்டாவில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், கல்லூரிக்கு எப்படிப் போய்வரப் போகிறாய் என்றெல்லாம் கேட்டேன். வைக்கப் போகும்போது அவள்தான் சொன்னாள்.

"மேடம், எங்கூட மலையிலேர்ந்து இன்னொரு பொண்ணும் அதே பேப்பர் எழுதனா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படிச்சோம். அவளும் t-தான் போட்டா. ரெண்டு மார்க்குல போச்சு."

"அவ ஏன் நகல் கேக்கல?" என்றேன்.

"வேணாம்னுட்டா மேடம். ஃபெயில்னு போட்டுக்கிறாங்கன்னா நான் போட்டது தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கினா."

அவளுக்கும் அது கடைசி வாய்ப்புதான். விண்ணப்பிக்க வேண்டிய நாள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.